தாடை தெரியிற மாதிரி

பஸாலுக்கு முப்பத்தொரு வயது. கணித ஆசிரியர் நியமனம், சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கத்திலும் சீனி வருத்தம் இல்லாத பரம்பரை. ஒரு மாப்பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் நீளம்.

கொஞ்சம் என்பது அவனுடைய உம்மா சுஹறாவின் அளவு. மூத்தவளான ராத்தா றம்ஸியாவின் அளவில் அது வேறு. சின்ன வயதில் அவனுக்கு முகம் கழுவிவிட்டவள் அவள்தான். பாதி வழியில் தண்ணீர் முடிந்துவிடும் என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

நீளம் ஒரு குற்றமில்லை. நீளத்தோடு சேர்ந்து வந்த துக்கம்தான் தொல்லை. பஸால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாலும் பார்க்கிறவர்களுக்கு அவன் மையித்து வீட்டிலிருந்து வந்தவன் போலத் தெரிவான். கலியாண வீடுகளில் முன்பின் தெரியாத ஆட்கள் அவன் தோளில் கைவைத்து, எல்லாம் நன்மைக்குத்தான் தம்பி என்று தேற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பல்கலைக்கழகக் காலத்திலிருந்து அவன் போட்டுவந்த கண்ணாடி, இரண்டு விரல் உயரம்கூட இல்லாத நீட்டுச் சதுரம். அது அந்தத் துக்கத்துக்கு அடிக்கோடு போட்டது.

இந்தப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை பார்க்க வருவார்கள். பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கட்டி, மாப்பிள்ளையைக் கொண்டுபோய் அதற்குள் வைப்பது வழக்கம். வீட்டுக்குள் வைக்கப்போகிற பொருள் என்பதால் நாலு பக்கமும் பார்த்துத்தான் எடுப்பார்கள். நிந்தவூரிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு, புள்ளைக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பம்தானா என்று உம்மாவிடம் இரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள், பிறகு வரவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர்கள் வயிற்று வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர்களும் வரவில்லை.

மூன்றாவது இடம் மருதமுனை. பெண்ணின் பெயர் ஹுஸ்னியா, பிரதேச செயலகத்தில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, அவளுடைய மாமா வருவதாகப் பேச்சு. தரகர் இரண்டு வீட்டுக்கும் படம் மாற்றிக் கொடுத்திருந்தார். தன் படத்தில் அவள் கன்னத்துக்குக் கீழே கையை ஊன்றி, கொஞ்சம் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பஸால் அந்தப் படத்தை, பாடக்குறிப்பு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் பார்த்தான். இந்த இடம் தவறக்கூடாது என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த முகத்தில் அது கவலை போலத்தான் தெரிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, றம்ஸியாவின் மாப்பிள்ளை நளீம் மச்சான் முன்னறைச் சோபாவில், அதாவது செட்டியில், உட்கார்ந்தார். செட்டியில் பஸாலின் கண்ணாடி இருந்தது. நளீம் மச்சான் எண்பத்தெட்டுக் கிலோ. எழும்பிப் பார்த்துவிட்டு, இதுக்குள்ள என்னமோ ஒரு ஹைர், ஒரு நன்மை இரிக்கி என்றார். உடைத்தவருக்கு அப்படிச் சொல்வது சுலபம்.

ஒரு பக்கத்துக்குப் பிளாஸ்டர் சுற்றிய கண்ணாடியோடு பஸால் திங்கட்கிழமை பின்னேரம் றம்ஸியாவுடன் கல்முனை கண்ணாடிக் கடைக்குப் போனான். கடை ஸிராஜ் என்பவருடையது. அவர் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிற இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறவர், வெளியே வருவது தொழுகைக்கு மட்டும். முன்னால் எல்லாம் ஜெனூபா. அவளுடைய தம்பி பஸாலிடம் கணிதம் படித்துச் சித்தியடைந்தவன் என்பதால், வாத்தியாருக்குரிய மரியாதையோடு சேர் என்று கூப்பிட்டுக் கதிரை இழுத்துப் போட்டாள்.

கண்ணாடி வாங்குவதில் ஒரு கொடுமை இருக்கிறது. மைனஸ் ஆறு பவர் உள்ளவன் புது ப்ரேம் போட்டுப் பார்க்கவேண்டுமென்றால் பழைய கண்ணாடியைக் கழற்றவேண்டும். கழற்றினால் நிலைக்கண்ணாடியில் தெரிவது ஒரு புகை. புது ப்ரேமில் இருப்பதோ பவரில்லாத வெறும் பிளாஸ்டிக். ஆக, தன் முகத்துக்கு எது பொருந்தும் என்பதைத் தன்னைத் தவிர எல்லோரும் பார்த்துச் சொல்லவேண்டியதுதான்.

எல்லோரும் சொன்னார்கள். றம்ஸியா ஒவ்வொரு ப்ரேமையும் போனில் படமெடுத்துக் குடும்பக் குழுமத்துக்கு அனுப்பினாள். அதில் பதினேழு பேர். ஜெனூபா நடுவில் புகுந்து, நீளமான முகத்துக்கு உயரம் குறைஞ்ச ப்ரேம் சரிவராது, கண்ணுக்கு மேலயும் கீழயும் கொஞ்சம் இடம் பிடிக்கவேண்டும் என்று தொடங்கினாள். அதற்குள் உம்மாவின் குரல் பதிவு வந்துவிட்டது. மெல்லிசாக, சின்னதாக, மரியாதையாக இருக்கிற அந்தக் கம்பி ப்ரேம்தான் ஒரு சேருக்கு அழகு. பதினேழு பேரில் பதினொரு பேர் பெருவிரலைத் தூக்கினார்கள். மூன்று பேர் படத்தைப் பார்க்காமலே மாஷா அல்லாஹ் போட்டார்கள்.

பிளாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸாலும் படத்தைப் பார்த்தான். ப்ரேம் துப்புரவாக, பளபளவென்று இருந்தது. அவனுக்கும் பிடித்தது.

படத்தில் ஒரு குறை இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ப்ரேம் வடிவாகத் தெரியவேண்டுமென்று றம்ஸியா கிட்ட வைத்து எடுத்திருந்தாள். படத்தில் இரண்டு புருவம், இரண்டு கண், மூக்கில் பாதி, நடுவில் ப்ரேம். அதற்கு மேலேயும் கீழேயும் பஸாலுக்கு இன்னும் எவ்வளவோ முகம் இருந்தது. அது குழுமத்துக்குப் போகவில்லை.

பவர் கூடியதால் மெல்லிய லென்ஸ் கொழும்பிலிருந்து வரவேண்டும், வியாழக்கிழமை தரலாம் என்றாள் ஜெனூபா. ப்ரேமின் உயரம்பற்றித் தொடங்கியதை அவள் அப்படியே விட்டுவிட்டாள். குடும்பத்தோடு வருகிற வாடிக்கையாளரிடம் இரண்டு தரம் சொல்வது அந்தக் கடையின் வழக்கமில்லை.

வியாழன் காலை, பத்தாம் வகுப்பில் முக்கோணம் கீறிக்கொண்டிருக்கையில் பிளாஸ்டர் கையை விரித்தது. கண்ணாடி இரண்டு துண்டாகி மேசையில் விழுந்தது. மிச்சப் பாடத்தை மனப்பாடத்தில் நடத்திவிட்டு, மோட்டார் சைக்கிளைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டு, ஓட்டோ பிடித்துக் கடைக்கு வந்தான்.

புதுக் கண்ணாடி தயாராக இருந்தது. போட்டான். உலகம் திரும்பிவந்தது. நிலைக்கண்ணாடியில் ஒரு பழக்கமான ஆளும் திரும்பிவந்தார்: நிந்தவூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போன அதே ஆள். என்னமோ பிசகியிருக்கிறது என்று மனம் சொன்னது. அது புதுசு என்பதால்தான் என்று இன்னொரு மனம் சொன்னது. அவன் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருக்கையில் இரண்டு பெண்கள் வந்து பக்கத்து நிலைக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மரியாதை தெரிந்தவன் என்பதால் பஸால் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

குனியச் சொன்னாள் ஜெனூபா. குனிந்தான், கண்ணாடி மூக்கில் வழுகியது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் வளைக்கவேண்டும் என்று கழற்றியெடுத்து, மேசையிலிருந்த சூடாக்கியின் காற்றில் பிடித்தாள். பஸால் மறுபடியும் புகைக்குள் போனான்.

வந்த பெண்களில் மூத்தவள் முஸ்பிறா என்பது அவள் ஓயாமல் கதைத்ததிலிருந்து தெரிந்தது. ‘முஸ்பிறா சாச்சி சொன்னா சரியாத்தான் இரிக்கும்’ என்று தன்னைப்பற்றித் தானே இரண்டு தரம் சொன்னாள். கூட வந்த பெண் அவளுடைய ராத்தாவின் மகள். பெண்ணுக்குத் தாடை கொஞ்சம் அகலம், சதுரம். ஒபிஸில் ஒரு கிழவர் அவளைப் பொலிஸ் என்று நினைத்து எழும்பி நின்றாராம். நாளைக்கு இவளுடைய மாமா ஓர் இடத்துக்குப் போகிறார், அங்கிருந்து போனில் முகம் காட்டச் சொல்வார்கள். அதனால் தாடையை அடக்குகிற மாதிரி ஒரு ப்ரேம் வேண்டும். அகலத்தை அகலத்தால்தான் மறைக்கலாம் என்பது முஸ்பிறா சாச்சியின் விஞ்ஞானம். பெரிய, கறுப்பான, சதுரமான ஒன்றை எடுத்து மாட்டிவிட்டிருந்தாள். பெண்ணுக்கு விருப்பமில்லை. முதலில் போட்ட வட்டமே போதும் என்றாள்.

நாளைக்கு ஒரு மாமா ஓர் இடத்துக்குப் போகிறார். நாளைக்கு இவன் வீட்டுக்கும் ஒரு மாமா வருகிறார். ஒன்றையும் ஒன்றையும் கூட்ட ஒரு கணித ஆசிரியருக்கு அதைவிட வசதியான சந்தர்ப்பம் கிடைக்காது. பஸால் கூட்டவில்லை.

“சேர் எண்டு சொல்றாங்க, படிச்ச மனிசன். நீங்களே சொல்லுங்க தம்பி, எது நல்லம்?” என்று முஸ்பிறா சாச்சி அவனை வழக்குக்கு நடுவராக்கினாள்.

பஸால் திரும்பினான். ஒன்றரை முழத் தூரத்தில் ஒரு முகம் இருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, வயது இல்லை. சாம்பல் நிறச் சால்வைக்குள் ஒரு உருவம், அதன்மேல் ஒரு கறுப்பு. இறுக்கிக் குத்திய சால்வை தாடையை ஓரமாக வெட்டிக் காட்டியது.

“எனக்கு இப்ப ஒண்டும் விளங்கல்ல ராத்தா. உருவம் மட்டும்தான் தெரியிது.”

“உருவத்தத்தானே கேக்கன்.”

சோதனைத்தாள் திருத்துகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விடை பிழையென்றால் பிழை என்று போட்டுவிடுவான், யாருடைய தாள் என்று பார்ப்பதில்லை.

“பெட்டிக்கு மேல பெட்டி அடுக்கின மாதிரி இரிக்கி” என்றான். “முதல் போட்ட வட்டம் நல்லம். கீழ சதுரம் இரிக்கக்குள்ள மேலயும் சதுரத்தக் கொண்டு வெச்சா, ரெண்டும் சேந்து ஒரு அலுமாரி.”

முஸ்பிறா சாச்சி சதுரத்தைப் பெண்ணின் மூக்கில் இன்னும் அழுத்தி நிமிர்த்தினாள்.

பெண் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலும் பஸாலுக்குத் தெரிந்திராது.

“ஓம் சேர், சரிதான்” என்றாள். “நீங்க கண்ணாடி போட்டிரிக்கக்குள்ள நானும் பாத்தன். எனக்கும் மைனஸ் அஞ்சு, உருவம்தான் தெரிஞ்சிச்சி. நீட்டுப் பலகையில ரெண்டு ஆணி அடிச்ச மாதிரி இரிந்திச்சி. பலகையில பிழை இல்ல. ஆணிதான் சின்னன்.”

முஸ்பிறா சாச்சி, வாயப் பாரு என்று அவளுடைய கையில் கிள்ளினாள். பெண் சதுரத்தைக் கழற்றித் தன் பழைய கண்ணாடியை எடுத்து மாட்டினாள். மாட்டிவிட்டு அவனை ஒரு தரம் நேராகப் பார்த்தாள். பிறகு சட்டென்று கதை நின்றுவிட்டது. வட்டத்தையே எடுக்கிறேன் என்று ஜெனூபாவிடம் மெதுவாகச் சொன்னாள். கன்ன எலும்பைவிட ஒரு நூல் வெளியே நிற்கிறது, விளிம்பும் மெல்லிசு, தாடை தன்பாட்டில் இளகிவிடும் என்றாள் ஜெனூபா. சால்வையையும் தாடையோடு இறுக்கிக் குத்தாமல் ஒரு விரல் இடம் விட்டுக் குத்தச் சொன்னாள். அவளுக்குரிய லென்ஸ் கடையிலேயே இருந்தது, பொழுதுபட, மஃரிபுக்குள் வந்து எடுக்கலாம். இருவரும் போய்விட்டார்கள்.

அவர்கள் போகும்வரை ஜெனூபா பஸாலின் கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தாள். அவ்வளவு நேரம் சூடாக்கினால் இரும்பே உருகியிருக்கும்.

அந்தப் பிள்ளையைப் புண்படுத்திவிட்டேனோ என்று பஸால் கேட்டான். அதுக்குக் காயமா, பாத்தா அப்பிடித் தெரியல்ல என்றாள் ஜெனூபா. அவளுடைய குரலில் என்னமோ இருந்தது. புகைக்குள் இருந்தவனுக்கு அது பிடிபடவில்லை. அவனுக்குள் ஆணி இரண்டும் இறங்கியிருந்தன.

“அது மெய்தானா?”

“நான் திங்கக்கிழமையே சொல்லப் பாத்தன் சேர்.”

அவள் அந்தக் கம்பி ப்ரேமை அவனுக்கு மாட்டி, நாலடி பின்னால் போய், நெற்றியிலிருந்து தாடை நுனி வரை வரும்படி படமெடுத்தாள். பிறகு வேறொரு ப்ரேமை மாட்டி இன்னொன்று எடுத்தாள். போனை அவன் மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தான். மைனஸ் ஆறுக்கு அந்தத் தூரத்தில் எல்லாம் தெளிவு.

முதல் படத்தில் பலகை. ஆணி. அதில் ஒரு வார்த்தையும் கூடக் குறையவில்லை. சின்னக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் தொடங்கி, ஒலுவில் கடற்கரை மாதிரி ஆளில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது படத்தில் இருந்தவன் வேறொருவன். ப்ரேம் கடும் மண்ணிறம், தடித்த விளிம்பு, மூலைகள் உருண்டவை, புருவத்திலிருந்து கன்னத்தின் மேடு வரை உயரம். மூக்குப் பாலம் தாழ்வாக இருந்ததால் மூக்கும் குறுகியிருந்தது. காதுக்குப் போகிற கம்பிகள் வெளிர் நிறம். பார்க்கிற கண்ணைப் பக்கவாட்டில் இழுத்தன. நீளத்தின் குறுக்கே யாரோ ஒரு வரம்பு கட்டியிருந்தார்கள்.

ஆனால் சிக்கல் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த மெல்லிய லென்ஸை சின்ன ப்ரேமுக்கு வெட்டியாயிற்று. வெட்டிய லென்ஸை இனி வளர்க்க ஏலாது. பெரிய ப்ரேமுக்குப் புது மெல்லிசு வர இன்னும் நாலு நாள். கடையில் இருப்பது சாதாரண லென்ஸ், ஓரம் தடிக்கும். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்தில்தான் தடிப்பு. கண்ணாடி பெரிதாகப் பெரிதாகத் தடிப்பு கூடும். அதோடு, அந்த லென்ஸ் வழியாகப் பார்க்கிறவர்களுக்குக் கன்னத்தின் ஓரம் உள்ளே இழுபட்டுத் தெரியும், ஒடுங்கின முகத்தை இன்னும் ஒடுக்கும். அதனால்தான் உயரத்தைக் கூட்டியும் அகலத்தை அளவோடும் வைத்தேன், உங்கட கண் கிட்டத்தட்ட நடுவில் வருகிறது, தடிச்ச விளிம்பு ஓரத்தையும் மறைக்கும் என்றாள் ஜெனூபா. பாரம் கொஞ்சம் இருக்கும். பின்னறையில் வெட்டி மாட்ட ஒன்றரை மணித்தியாலம்.

பதினொரு பேர் பெருவிரல் தூக்கிய ஒன்றை மாற்றுவது பஸாலின் வீட்டில் இதற்குமுன் நடந்ததில்லை. அவன் போனை இன்னொரு தரம் மூக்கில் வைத்துப் பார்த்தான். குழுமத்துக்கு அனுப்பட்டுமா என்று ஜெனூபா கேட்டாள்.

“வேணாம்” என்றான். “வெட்டச் சொல்லுங்க.”

வீட்டில் வரவேற்பு எதிர்பார்த்தபடி இருந்தது. ஜன்னல் நிலையைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்றாள் சுஹறா. நாளைக்குப் பார்த்து இப்படிச் செய்தானே என்று இராச் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. றம்ஸியா மட்டும் முன்னால் வந்து பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள், பிறகு வாசல்வரை பின்னால் போய்ப் பார்த்தாள். கடைசியில், முகம் கழுவ இனித் தண்ணி காணும் போல என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் சான்றிதழ் கிடைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஹுஸ்னியாவின் அப்துல் ஹமீட் மாமா வந்தார். சாகாமத்துப் பக்கம் வயல் செய்கிறவர், பெரிய மீசை, சிறிய போன். பஸால் எதிரே உட்கார்ந்தான். சுஹறா திரைக்குப் பின்னால் நின்று, வயிற்று வருத்தம் பற்றிய கேள்விக்காகக் காத்திருந்தாள். மாமா கட்லட் சாப்பிட்டார். பிளேன்ரீ குடித்தார். பாடசாலை, போகம், ஆற்றுவாய் என்று கதைத்தார். நடுநடுவே, நெல் வாங்குகிறவன் மணியைக் கையில் உருட்டுகிற மாதிரி மாப்பிள்ளையைப் பார்த்தார். கேள்வி வரவில்லை.

“படத்துல பாத்தத்துக்கு மாப்பிள நேர்ல தெளிவா இரிக்கார்” என்றார் நளீம் மச்சானிடம். கண்ணாடியை உடைத்தவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

பிறகு மாமா போனை எடுத்தார். ஹுஸ்னியா மகள் ஒரு போட்டோ கேட்டாள், தப்பா நினைக்கப்படாது என்றார். றம்ஸியா, கண்ணாடி வடிவாத் தெரியக் கிட்டப் போய் எடுங்க மாமா என்று உள்ளேயிருந்து உதவினாள்.

“இல்ல புள்ள. ‘தூரத்துல நிண்டு, தாடை தெரியிற மாதிரி முழுசா எடுங்க’ எண்டு சொல்லித்தான் உட்டா.”

பஸால் நிமிர்ந்தான். தாடை என்ற சொல் அவனுக்குள் எங்கேயோ போய்த் தட்டியது. மாமா எழும்பி, செட்டிக்குப் பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடி எடுத்தார். அனுப்பினார். மீசையைத் தடவினார். பஸாலுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை இருந்த பயமெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

போன் சத்தமிட்டது. முதலில் ஒரு படம். மாமா அதைப் பெருமையோடு பஸாலிடம் நீட்டினார். வட்டக் கண்ணாடி, தளர்வாகக் குத்திய சாம்பல் நிறச் சால்வை. இந்தத் தரம் கன்னத்தில் கை இல்லை. தாடை முழுதாக, சதுரமாக, ஒருவருக்கும் பயப்படாமல் இருந்தது. பஸால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நேற்றைய கணக்கு இன்றைக்குத்தான் கூடியது.

அடுத்து ஒரு குரல் பதிவு. போனைக் காதில் வைத்துக் கேட்கலாம் என்பது மாமாவுக்குத் தெரியாது. அமத்தினார், வீடு முழுக்கக் கேட்டது.

“மாமா, எனக்குச் சம்மதம். சேரிட்ட சொல்லுங்க, ஆணியக் கழட்டின பிறகு பலகை நல்லா இரிக்கி எண்டு. மேல்பெட்டிய நானும் இறக்கிட்டன். இனி அலுமாரி இல்ல எண்டும் சொல்லுங்க.”

சுஹறாவுக்கு முதல் மூன்று சொல் போதும். திரைக்குப் பின்னால் அல்ஹம்துலில்லாஹ் கேட்டது. மற்றவர்களுக்கு மிச்சம் ஒன்றும் விளங்கவில்லை. பஸால் சிரித்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அந்த முகத்தில் சிரிப்பு சிரிப்பாகவே தெரிந்ததைக் குடும்பம் முதன்முதலாகப் பார்த்தது. றம்ஸியா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அப்துல் ஹமீட் மாமா போனையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். யோசித்தார். அவருடைய முகத்தில் ஒரு திருப்தி மெல்லப் பரவியது.

“மாப்பிள சேர் எண்டு மட்டுந்தானே சொன்னாங்க” என்றார். “தச்சு வேலயும் தெரியுமா?”

பஸால் தண்ணீரைக் குடித்து முடித்தான்.

“சின்ன வேலைகள் தெரியும் மாமா.”

“அது போதும்” என்றார் அப்துல் ஹமீட். “மகள்ற வீட்டுக்கு இன்னும் அஞ்சு கதவு போட இரிக்கி.”